‘தோலை அரிக்கும்’னு எழுதினா என்ன புரியும்? கிடங்குக்கு வேண்டியது அகராதித் தமிழ் அல்ல

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பம் தாண்டினால் நோணாங்குப்பம். நம்மில் பலருக்கு சுண்ணாம்பாறு படகு சவாரிதான் ஞாபகம் வரும். ஆனால் இதே சாலைதான் கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளுக்கும் போகிறது. இங்கே ஒரு கிடங்கில் காஸ்டிக் சோடா மூட்டைகளை இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சோப்பு முதல் காகிதம் வரை பல தொழில்களுக்குத் தேவைப்படும் சரக்கு இது.

இந்த மாதிரி சரக்குக்கு ‘சேஃப்டி டேட்டா ஷீட்’ என்ற பாதுகாப்புத் தாள் உண்டு. மொத்தம் 16 பகுதிகள். ஆபத்து என்ன என்பது 2-வது பகுதி, முதலுதவி 4-வது பகுதி. அபாயகரமான ரசாயனங்களுக்கு இப்படி ஒரு தாள் வேண்டும் என்று 1989-ல் வந்த மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. பெரும்பாலும் அது ஆங்கிலத்தில், ஆபீஸ் ஃபைலில் இருக்கும்.

சரி, தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் போதுமா? போதாது என்பதுதான் என் கருத்து. எப்படி மொழிபெயர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காஸ்டிக் சோடாவின் முக்கிய ஆபத்தை அகராதி பார்த்து எழுதினால் ‘அரிக்கும் தன்மை கொண்டது’ என்று வரும். இரும்பைப் பற்றிப் பேசும்போது இது சரி. ஆனால் மூட்டை தூக்குபவரிடம் ‘தோலை அரிக்கும்’ என்றால், கொசு கடித்த மாதிரி அரிப்பு என்றுதான் புரியும். சொறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ‘எரியும்’ என்று எழுதினாலும் குழப்பம். தீப்பிடிக்குமா, தோல் எரியுமா? காஸ்டிக் சோடா தானாகத் தீப்பிடிக்காது. எனவே, ‘பட்ட இடம் வெந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்’ என்று எழுத வேண்டும். இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: ‘முதலில் வழவழன்னு இருக்கும், வலி தெரியாமலும் இருக்கலாம்.’ காஸ்டிக் நம் தோலின் கொழுப்பையே சோப்பாக மாற்றி உள்ளே இறங்குவதால்தான் அந்த வழவழப்பு. வலிக்கவில்லையே என்று விட்டுவிட்டால் புண் ஆழமாகிவிடும்.

பெயரிலும் கவனம் வேண்டும். ‘சோடியம் ஹைட்ராக்சைடு’ என்று மட்டும் போட்டால் யாருக்கும் தெரியாது. வெறும் ‘சோடா’ என்று போட்டால் சமையல் சோடா, சலவை சோடாவோடு கலந்துவிடும். மூட்டையில் அச்சிட்டிருக்கும் பெயரையும், கிடங்கில் சொல்லும் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்து முதலுதவி. இங்கே ஒரு வரிக்கு ஒரு வேலைதான் இருக்க வேண்டும், செய்யும் வரிசையிலேயே. தோலில் கொட்டினால்: ‘உதறு. துணியைக் கழற்று. தண்ணீரில் கழுவிக்கொண்டே இரு.’ கண்ணில் பட்டால்: ‘தேய்க்காதே. இமையை விரித்துப் பிடி. கால் மணி நேரம் தண்ணீர் விடு. அப்புறம் உடனே ஆஸ்பத்திரி.’ விழுங்கிவிட்டால்: ‘வாயைக் கொப்பளிக்க வை. வாந்தி எடுக்க வைக்காதே.’ இந்தக் கடைசி வரிக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும்: உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போது இன்னொரு முறை சுடும். காரணம் தெரியாவிட்டால், பதறுகிறவர் உப்புத் தண்ணீரைக் கொடுத்துவிடுவார்.

‘கால் மணி நேரம்’ என்ற மூன்று சொல்லை நல்ல தமிழில் எழுதினால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: அவ்வளவு தண்ணீர் எங்கே? கண் கழுவும் கருவிக்கான அமெரிக்கத் தர அளவு நிமிடத்துக்குக் குறைந்தது 1.5 லிட்டர். 15 நிமிடத்துக்கு 22 லிட்டருக்கு மேல். ஒரு முழு வாட்டர் கேனே 20 லிட்டர்தான். கிடங்கில் குழாய் இல்லையென்றால், அந்த வரி எந்த மொழியில் இருந்தாலும் வீண்.

தமிழ்த் தாள் சரியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படிக்கச் சொல்லி ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டால் எல்லோரும் ‘புரிஞ்சுது’ன்னுதான் சொல்வார்கள். தாளை வாங்கி வைத்துவிட்டு, ‘அண்ணே, கண்ணுல பட்டா முதல்ல என்ன பண்ணுவீங்க?’ன்னு கேளுங்கள். ‘துண்டால துடைப்பேன்’ என்று பதில் வந்தால், மாற்ற வேண்டியது அவரை அல்ல, நம் வரியை.

சுவரில் ஒட்டும் இந்த ஒரு பக்கம், 16 பகுதித் தாளுக்கு மாற்று அல்ல. அடிபட்டவரோடு அந்த முழுத் தாளும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்ன ரசாயனம், எவ்வளவு அடர்த்தி என்பது மருத்துவருக்கு அதிலிருந்துதான் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தொழிலாளர் இருந்தால், அவர் மொழியிலும் இதே வேலையைச் செய்தாக வேண்டும்.

தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அதில் முக்கியமான சொல் ‘மொழி’ அல்ல, ‘புரியும்’. கிடங்கு வைத்திருப்பவர்கள் மொழிபெயர்ப்பாளரிடம் தாளைக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு நாள் அவரை மூட்டை இறக்கும் இடத்துக்கே அழைத்துவர வேண்டும்.