கையெழுத்துப் படிவத்துக்கு 22 மதிப்பெண்ணா?

சமூகவியல் முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வுத் திட்டத்தை மதிப்பிட, களப்பணியாளர்கள் என்ற முறையில் எங்களையும் அழைத்திருந்தார்கள். தலைப்பு, வாலிநோக்கம் பகுதி உப்பளத் தொழிலாளர்களிடையே சாதியப் பாகுபாடு. எழுதியவர் நம் பையன், குடும்பத்தின் முதல் பட்டதாரி. கேள்வி, செய்முறை, அறம், கால அட்டவணை ஆகிய நான்குக்கும் தலா 25 மதிப்பெண். குழுவில் மற்றவர்கள் 82 போட்டார்கள். நாங்கள் போட்டது 34. அன்றிலிருந்து "நம்ம பையனுக்கே குறைச்சுப் போடுறீங்களே" என்ற பேச்சு எங்களைத் தொடர்கிறது. அதற்குத்தான் இந்தப் பதில்.

முதலில் கேள்வி. "பாகுபாடு உள்ளதா?" என்று கேட்டிருந்தார். உண்டு என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பதில் முன்பே தெரிந்த கேள்வியைக் கேட்க உப்பளம் வரை போக வேண்டியதில்லை. மழைக்கால மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. தான் உப்பளத் தொழிலாளி என்பதை யார் எதைக் காட்டி நிரூபிக்கிறார்கள்? நிரூபிக்க முடியாதவர் அந்த மாதங்களில் யாரிடம் கடன் வாங்குகிறார்? இப்படிக் கேட்டால் சாதி எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பது தெரியும். களம் சரி, கேள்வி மொட்டை. 14 போட்டோம்.

அடுத்து செய்முறை. 200 பேர், ஆளுக்கு 45 நிமிடம், ஒரே ஆய்வாளர், 30 நாள். மொத்தம் 150 மணி நேரம் என்று கணக்குக் காட்டியிருந்தார். ஆனால் விடியும் முன்பே பாத்திக்குப் போய், வெயிலில் வெந்து திரும்புகிறவர்கள் உட்கார்ந்து பேச மாலையில்தான் நேரம். ஒரு மாலைக்கு இரண்டு பேர் என்றால் 30 நாளில் 60 பேர். மீதி 140 படிவங்களை எப்படி நிரப்புவார்? வீட்டில் உட்கார்ந்து அவரே நிரப்ப வேண்டியதுதான். பொய்த் தரவு இப்படித்தான் பிறக்கிறது. 9.

அறத்துக்கு மற்றவர்கள் போட்டது 22. ஒப்புதல் படிவம் இணைக்கப்பட்டிருந்ததாம்! பெயர்ப் பட்டியலை ஒப்பந்ததாரரிடம் வாங்கி, மேஸ்திரி மூலம் ஆட்களைக் கூப்பிடுவது திட்டம். கூலி கொடுப்பவர் கூப்பிட்டு அனுப்பினால் "மாட்டேன்" என்று எந்தப் பெண் சொல்வாள்? அந்தக் கையெழுத்துக்குப் பெயர் ஒப்புதலா? பட்டியலில் இல்லாத தினக்கூலிகள் ஆய்வுக்குள்ளேயே வர மாட்டார்கள் என்பது வேறு.

பெயரை மாற்றி எழுதுவேன் என்கிறார். சிறிய குடியிருப்பில் "ஒரே பட்டதாரிப் பெண்" என்று எழுதினாலே ஆளைக் காட்டிவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு நடக்கும் குடும்பத்தையும் பேட்டி எடுக்கப் போகிறார். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பு ஆய்வாளரின் குறிப்பேட்டுக்குக் கிடையாது. நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதில் ஒரு தேதி முன்பின் ஆகியிருந்தால், குறுக்கு விசாரணையில் சாட்சியை உடைக்க எதிர்த்தரப்புக்கு அது போதும். 6 போட்டோம், அதுவும் தாராளம்.

கால அட்டவணைப்படி களப்பணி அக்டோபர், நவம்பரில். அப்போது வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் தண்ணீருக்குள் கிடக்கும், தொழிலாளர்கள் வேறு பிழைப்புக்குப் போயிருப்பார்கள். செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாள் தொடங்கி அக்டோபர் 30 தேவர் குருபூசை வரை மாவட்டமே தடை உத்தரவும் சோதனைச் சாவடியுமாக இருக்கும். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் காவல்துறை சுட்டு 6 பேர் இறந்த மாவட்டம் இது. அந்த வாரங்களில் நோட்டோடு வீடு வீடாகச் சாதி விசாரித்தால், ஆய்வாளர் பேருந்து ஏறிய பிறகு பதில் சொன்னவர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 5.

கூட்டுத்தொகைதான் பெரிய ஏமாற்று. மற்ற மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கி அறத்தில் 6 வாங்கினாலும் கூட்டல் 81 காட்டும். நாங்கள் சொல்வது, அறத்தில் பாதிக்குக் கீழே போனால் கூட்டவே கூடாது. திட்டம் திரும்பிப் போக வேண்டும்.

"பாவம், நம்ம பையன்" என்று போடும் 82, இவனால் இவ்வளவுதான் முடியும் என்ற தீர்ப்பு. காரணம் சொல்லாமல் வெட்டப்படும் மதிப்பெண்ணும் அதே தீர்ப்புதான். எய்ம்ஸ் பற்றிய 2007 தோரட் குழு அறிக்கை, வாய்மொழித் தேர்வில் நம் மாணவர்கள் சந்தித்த பாகுபாட்டைப் பதிவு செய்தது. ஆகவே நான்கு எண்ணுக்கும் நான்கு காரணம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். தவறு என்றால் அந்த மாணவர் எங்களோடு வரிக்கு வரி சண்டை போடலாம்.

அவர் சண்டை போடவில்லை, திருத்தி எழுதினார். இரண்டு குடியிருப்பு, 24 பேர். ஆட்களைத் தேடுவது மகளிர் குழுக்கள் வழியாக. வழக்கில் உள்ள குடும்பத்தை விட்டுவிட்டார். டிசம்பரில் ஒரு வாரம் மழைக்காலக் கடன் பற்றி, பிப்ரவரியில் உப்பு வாரத் தொடங்கிய பின் நான்கு வாரம் வேலைப் பிரிவினை பற்றி.

இந்த முறை நாங்கள் போட்டது 79. அறத்துக்கு 21.