மூணு நம்பர் லாட்டரி: அடிச்சவருக்கும் ஏன் நஷ்டம்?

1/ தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003 ஜனவரியில். ஆனாலும் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் "மூணு நம்பர்" இன்னும் ஒழியவில்லை. கேரள லாட்டரி குலுக்கல் முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்து இங்கே ஆடும் ஆட்டம் இது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே இந்தக் கடனில் அழிந்தது.

2/ வள்ளூர், அத்திப்பட்டு பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிற அண்ணன்களிடம் இதை வேண்டாம்னு சொன்னால், உடனே ஒரு பதில் வரும். "சார், போன மாசம்தான் எங்க லைன்ல ஒருத்தனுக்கு இருபத்தஞ்சாயிரம் அடிச்சுது." அது பொய்யில்லை, நிஜமாகவே அடித்திருக்கும். அதனால்தான் அறிவுரையை விட்டுட்டு கணக்குக்கு வரேன்.

3/ ஒரு மாதிரிக்கு இப்படி வச்சுக்குவோம் (ஏஜென்ட்டுக்கு ஏஜென்ட் ரேட் மாறும்). சீட்டு 60 ரூபாய். மூன்று எண்ணும் பொருந்தினால் 25,000. கடைசி இரண்டு மட்டும் பொருந்தினால் 1,000. கடைசி ஒன்று மட்டும் என்றால் 100.

4/ 000 முதல் 999 வரை மொத்தம் 1000 எண்கள். மூன்றும் பொருந்துவது 1. கடைசி இரண்டு பொருந்துவது 10, ஆனால் அதில் ஒன்று ஏற்கெனவே பெரிய பரிசுக்குப் போய்விட்டது, ஆக 9. அதேபோல் கடைசி ஒன்று மட்டும் பொருந்துவது 90. மீதி 900-க்கு ஒன்றுமில்லை.

பலரும் தப்பு பண்ணுவது இங்கேதான். 1, 10, 100 என்று அப்படியே போட்டால் ஒரே சீட்டை இரண்டு மூன்று முறை எண்ணிவிடுவோம். எல்லா நிகழ்தகவையும் கூட்டினால் சரியாக 1 வரவேண்டும். வரலைன்னா கணக்கு தப்பு.

5/ இனி போன்லயே எக்ஸெல் திறங்க. A-யில் நிகழ்தகவு: 0.001, 0.009, 0.09, 0.9. B-யில் சீட்டுக் காசு 60 போக கையில் நிற்பது: 24940, 940, 40, -60.

```
=SUM(A2:A5)
=SUMPRODUCT(A2:A5,B2:B5)
```

முதல் வரி 1 என்று காட்டும். இரண்டாவது வரி ஒவ்வொரு நிகழ்தகவையும் அதன் தொகையோடு பெருக்கிக் கூட்டும். விடை: -17.

6/ இதுதான் எதிர்பார்ப்பு மதிப்பு. அதற்காக ஒவ்வொரு சீட்டிலும் சரியாக 17 ரூபாய் போகும் என்று அர்த்தமில்லை. நிறைய சீட்டு வாங்க வாங்க, சராசரியாக ஒரு சீட்டுக்கு 17 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். ஏஜென்ட் விற்பது ஆயிரக்கணக்கான சீட்டு. அவருக்கு இது சூதாட்டமே இல்லை, நிலையான வருமானம்.

7/ "சராசரி கிடக்கட்டும் சார், எனக்கு அடிக்குமா?" நியாயமான கேள்வி. தினமும் வேறு வேறு எண்ணில் 2 சீட்டு என்றால் வருஷத்துக்கு 730 சீட்டு, செலவு 43,800 ரூபாய். இப்படி ஆடும் 100 பேரில் சுமார் 52 பேருக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது பெரிய பரிசு அடிக்கும். ஆமாம், பாதிக்கு மேல்! அந்த "ஒருத்தன்" எல்லா லைனிலும் இருப்பது இதனால்தான்.

8/ இப்போ அந்த ஒருத்தரின் கணக்கைப் பாருங்க. பெரிய பரிசு 25,000. சின்னப் பரிசுகள் வருஷத்துக்குச் சராசரியாக 13,140. மொத்தம் 38,140. செலவோ 43,800. ஒரு தடவை அடிச்சும் 5,660 ரூபாய் நஷ்டம். பணம் கைக்கு வந்த நாள் ஊருக்கே தெரியும், தினம் போன 120 ரூபாய் யாருக்கும் தெரியாது.

இரண்டு தடவையோ அதற்கு மேலோ அடித்து லாபம் பார்ப்பவர் 100-க்கு சுமார் 17 பேர். ஒரு தடவைகூட அடிக்காத 48 பேர் ஆளுக்குச் சராசரியாக 30,660 இழக்கிறார்கள்.

9/ "அப்போ இன்சூரன்ஸும் மைனஸ்தானே?" ஆமாம், பெரும்பாலான காப்பீட்டில் கட்டுபவரின் எதிர்பார்ப்பு மதிப்பு மைனஸ்தான். இல்லைன்னா கம்பெனி நடக்காது. ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. காப்பீடு, நம்மால் தாங்கவே முடியாத ஒரு நஷ்டத்துக்கு எதிராகக் கட்டுவது. லாட்டரியில், இல்லாத ஒரு நஷ்டத்தை நாமே தினமும் உண்டாக்குகிறோம்.

10/ பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சேரலாம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் பைக்கில் ஷிப்ட்டுக்குப் போகிறவருக்கு, ஒரு சீட்டுக் காசில் மூணு வருஷத்துக்கு இதைக் கட்டலாம்.

நாளைக்கு உங்க லைன்ல யாராவது "எனக்கு அடிச்சுது"ன்னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "அண்ணே, இந்த வருஷம் மொத்தம் எவ்வளவு போட்டீங்க?"