வரி கட்டினா ரோடு வரும்னு சொல்லாதீங்க, புழு பார்க்க ஆள் வரும்னு சொல்லுங்க

கொஞ்சம் நீளமான இழை. சொத்து வரி பத்தி ஒரு டாக்டர் எதுக்குப் பேசணும்னு தோணும். கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க.

ஒவ்வொரு ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிட்டு ஒரு வாசகம் தெருத்தெருவாப் போகும். எல்லா ஊர்லயும் அதே ரகம்தான். சொத்து வரியை உரிய காலத்தில் செலுத்துங்கள், உங்கள் பகுதியில் சாலை, பூங்கா, வடிகால் அமையும், நகரம் வளரும். கேட்டுட்டு நம்ம ஆளு என்ன பண்றார்? வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்க்கிறார். குண்டும் குழியுமா இருக்கு. "போன வருஷம் கட்டினேனே, எங்கடா ரோடு?"ன்னு கேட்டுட்டு உள்ளே போயிடுறார். மார்ச் வரைக்கும் கட்ட மாட்டார்.

அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. அந்த வாசகத்து மேலதான் கோபம். அது தப்பான சரக்கை விக்குது.

உங்க தெருவுல புதுசா ரோடு போட்டாலும் வடிகால் கட்டினாலும் அதோட பெரும் பங்கு சொத்து வரியிலிருந்து வர்றதில்லை. அம்ருத், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நகர்ப்புறச் சாலைத் திட்டம், எம்.எல்.ஏ. தொகுதி நிதி, கடன்னு வெளியிலிருந்து வருது. உள்ளாட்சி தன் பங்கைப் போடும், கடன் தவணை கட்டும், அது உண்மை. ஆனா நீங்க கட்டுற அந்த ஆயிரத்துச் சொச்ச ரூபாய் முக்கியமா போறது கட்டுறதுக்கு இல்லை, ஏற்கெனவே கட்டினதை ஓட்டுறதுக்கு. தூய்மைப் பணியாளர் சம்பளம், தெருவிளக்குக் கரண்ட் பில், தண்ணி மோட்டார், மேல்நிலைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர், குப்பை வண்டிக்கு டீசல். அப்புறம் மழைக்காலத்துல வீடு வீடா வந்து தொட்டியை எட்டிப் பார்க்கிற டெங்கு ஒழிப்புப் பணியாளரோட நாள் கூலி.

(இன்னொண்ணும் இருக்கு. 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டப்படி ஒவ்வொரு ரூபாய் சொத்து வரிக்கும் 10 பைசா நூலக வரி. மாவட்ட மைய நூலகத்துல உக்காந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைங்க தலைக்கு மேல சுத்துற ஃபேன்ல உங்க காசும் இருக்கு. இதை எந்த ஆட்டோவும் சொல்லிக் கேட்டதில்லை.)

கடைசியாச் சொன்ன நாள் கூலியை மட்டும் எடுத்துக்கறேன். அதுதான் என் வார்டுக்கு நேரா வந்து சேருது.

ஒரு நவம்பர்ல ஒரே தெருவிலிருந்து மூணு பிள்ளைங்க காய்ச்சலோட அட்மிட் ஆனாங்க. எந்த ஊர், எந்தத் தெருன்னு சொல்லப்போறதில்லை. ஒரு பையனுக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டுது. அவங்கம்மா "சரியாயிடுச்சு சார், டிஸ்சார்ஜ் பண்ணுங்க"ன்னு நின்னாங்க. டெங்குவுல ஆபத்து ஆரம்பிக்கிறதே பெரும்பாலும் காய்ச்சல் விடுற அந்த நேரத்துலதான். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், வயிறு வலிக்கும், கை கால் சில்லிடும். ரெண்டு நாள் பல்ஸையும் ஹிமட்டோகிரிட்டையும் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தோம். பையன் பிழைச்சுக்கிட்டான்.

அந்தப் பகுதியைப் பார்க்கிற ஒரு சுகாதாரப் பணியாளர்கிட்ட அப்புறம் கேட்டேன்: "அங்க புழு பார்க்கப் போகலையா?"

"மூணு வாரமா ஆள் இல்லை சார். கூலி பில் நிக்குது. நாள் கூலிக்காரங்க, எத்தனை நாள் சும்மா வருவாங்க?"

மூணு வாரம். இந்த மூணு வாரத்தை மனசுல வச்சுக்குங்க.

ஏடிஸ் கொசு முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாப் பறக்க நம்ம ஊர்ச் சூட்டுக்கு 7 முதல் 10 நாள் ஆகும். அதனாலதான் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டையும் பார்க்கணும்னு வச்சிருக்காங்க. ஏழு நாளைக்குள்ள தொட்டியைக் கொட்டித் தேய்ச்சுக் கழுவிட்டா, இல்லை அபேட் மருந்து ஊத்திட்டா, அந்தத் தலைமுறை பறக்காது. ஒரு வாரம் தவறினா பறந்துடும். மூணு வாரம் தவறினா பறந்தது முட்டையிட்டு, அடுத்த தலைமுறையும் பறக்கத் தயாரா இருக்கும்.

"என் வீட்டை நான் சுத்தமா வச்சிருக்கேன் டாக்டர்"னு சொல்வீங்க. ரொம்ப நல்லது. ஆனா அந்தக் கொசு சாதாரணமா 100, 200 மீட்டர் சுத்தி வரும். உங்க பிள்ளையைக் கடிக்கிறது பக்கத்து வீட்டு டிரம்முல பொறந்ததா இருக்கலாம். பூட்டிக் கிடக்கிற மனைக்குள்ள கிடக்கிற டயர்ல பொறந்ததா இருக்கலாம். அந்த கேட்டைத் திறந்து உள்ளே போய்ப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை. அடையாள அட்டை மாட்டிட்டு வர்ற அந்தம்மாவுக்கு உண்டு. அதுக்குத்தான் இது பொதுக்காசுல நடக்குது.

இங்க தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற தெருக்கள்ல வீட்டுக்கு வீடு டிரம்மும் சிமென்ட் தொட்டியும் இருக்கும். சேர்த்து வைக்காம என்ன பண்ணுவாங்க? தண்ணியை மட்டும் கொட்டிட்டுத் திரும்பப் பிடிச்சா போதாது. முட்டை தொட்டிச் சுவர்ல ஒட்டிட்டு மாசக்கணக்கா உயிரோட இருக்கும், தண்ணி பட்டதும் பொரிக்கும். நாரை வச்சுத் தேய்க்கணும். இதை வாசல்ல நின்னு சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேணும்.

இப்ப கணக்குக்கு வருவோம். 300 வீடு இருக்கிற ஒரு பகுதி. ஒரு பணியாளர் நாளைக்கு 50 வீடு பார்த்தா, ஆறு நாள்ல 300 வீடும் முடியும். நாள் கூலி 500 ரூபாய்னு வச்சுக்குங்க, கணக்குக்காகத்தான். மாசம் 26 நாள், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசம். 78 நாள், 39,000 ரூபாய். அதை 300 வீட்டுக்குப் பிரிச்சா வீட்டுக்கு 130 ரூபாய்.

உங்க வீடு 1,000 சதுர அடி, 2022-க்கு முன்னாடி அரையாண்டு வரி 1,000 ரூபாய்னு வச்சுக்குவோம். 2022 ஏப்ரல் சீராய்வுல சென்னை தவிர்த்த ஊர்கள்ல 601 முதல் 1,200 சதுர அடி வரை உள்ள குடியிருப்புக்கு 50 சதவீதம் ஏத்தினாங்க. ஆக 1,500. அந்த 1,500-ல ஒரு 130 மழைக்காலம் முழுக்க உங்க தெருவுல புழு பார்க்கிற ஆளுக்கு. என் வார்டுல ஒரு பிள்ளைக்கு அட்டெண்டரா ஒரு அம்மா அஞ்சு நாள் உக்காந்தா, அவங்களுக்குப் போற கூலி எவ்வளவுன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

வாசகத்துல "உரிய காலத்தில்"னு ஒரு சொல் வருதே, உண்மையான விஷயம் அதுலதான் இருக்கு. அதைச் சும்மா மரியாதைக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறாங்க. இரண்டாம் அரையாண்டு அக்டோபர் 1-ல தொடங்குது. நம்ம வடகிழக்குப் பருவமழை தொடங்குறதும் அதே மாசம். நீங்க மார்ச் கடைசியில, ஜப்தி நோட்டீஸ் பயத்துல 1,500 கட்டினா கணக்குப் புத்தகத்துக்கு அது வசூல்தான். கொசுவுக்கு? டிசம்பர்ல கூலி கொடுக்க வேண்டிய காசு மார்ச்ல வந்து என்ன பிரயோஜனம். ரோடு மூணு மாசம் தள்ளிப் போட்டாலும் ரோடுதான். இது தள்ளிப் போட்டா ஒண்ணுமில்லாமப் போற செலவு. "கட்டும் பணம் கட்டடமாகும்"ங்கிற பேச்சு இதை மறைச்சிடுது. கட்டடம் காத்திருக்கும்னு நமக்கும் தெரியும், அதனால நாமும் காத்திருக்கோம்.

சரி, எதிர்க் கேள்விக்கு வர்றேன். "நான் ஒழுங்கா கட்டுறேன், பெரிய கல்யாண மண்டபமும் காம்ப்ளெக்ஸும் லட்சக்கணக்குல பாக்கி வச்சிருக்கான், அவன்கிட்டப் போய்க் கேளு." நியாயம். நூறு சதவீதம் நியாயம். ஆயிரம் ரூபாய் பாக்கிக்காரர் வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கத் தெரிஞ்ச நிர்வாகத்துக்கு, பெரிய பாக்கிக்காரர் பேரை வார்டு அலுவலகச் சுவர்ல ஒட்டத் தெரியலைன்னா, ஒலிபெருக்கிக்கு என்ன மரியாதை? கோர்ட் வழக்குன்னு சொன்னா, வழக்கு நம்பரோட ஒட்டுங்க.

"வரியை மட்டும் ஏத்துறாங்க." ஏத்தினதுக்குக் காரணமும் யாரும் நேராச் சொல்லலை. 15-ஆவது நிதி ஆணையம், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்கணும், வசூலும் மாநில வளர்ச்சிக்கு ஏத்த மாதிரி வளரணும், அப்பத்தான் நகர்ப்புற உள்ளாட்சிக்கு மானியம்னு நிபந்தனை போட்டது. அது சரியா தப்பான்னு சண்டை போடலாம், போடணும். ஆனா அதைச் சொல்லாம "நகரம் வளரும்"னு பாடினா, ஜனங்க ஏமாத்துறாங்கன்னுதான் நினைப்பாங்க. 2024-ல புதுக்கோட்டை மாநகராட்சியாச்சு. சுற்றியிருக்கிற ஊராட்சியில எங்கிட்ட சிகிச்சைக்கு வர்றவங்க என்னைக் கேட்கிறது பூங்கா எப்ப வரும்னு இல்லை. "வரி எவ்வளவு ஏறும், நூறு நாள் வேலை போயிடுமா?" அவங்களுக்கு அந்த ஆட்டோ வாசகத்துல ஒரு பதிலும் கிடையாது.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணுமில்லை. ரசீதுக்குப் பின்பக்கம் காலியாக் கிடக்கு. அங்க நாலு வரி போடுங்க. உங்க பகுதிக்குப் புழு பார்க்கிறவங்க எத்தனை பேர், எந்தக் கிழமை வருவாங்க. மேல்நிலைத் தொட்டி கடைசியா எப்பக் கழுவினது. குழாய்க் கடைசியில குளோரின் எவ்வளவு இருந்துச்சு, 0.2 இருந்ததா இல்லையா. எத்தனை தெருவிளக்கு எரியலை. இதுல எதுவும் புதுசா எடுக்க வேண்டிய கணக்கு இல்லை, ஏற்கெனவே ரிஜிஸ்டர்ல எழுத வேண்டியதுதான். (தொட்டின்னு சொன்னதும் வேங்கைவயல் ஞாபகம் வரும். பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போன பிறகுதான் 2022 டிசம்பர்ல தொட்டியை ஏறிப் பார்த்தாங்க. அது வரியால தீர்ற விஷயம் இல்லை, சாதிக் கொடுமை. இதுல கலக்காதீங்க.)

ஆட்டோக்காரர் கையில கொடுக்க நானே ஒண்ணு எழுதித் தர்றேன். காசு வேண்டாம்.

"அக்டோபர் 31-க்குள் சொத்து வரி கட்டுங்க. நவம்பர்ல உங்க தொட்டியைப் பார்க்க ஆள் வரும். வரலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க."

அந்தக் கடைசி வரியைப் போட எந்த அதிகாரிக்குத் துணிச்சல் இருக்குன்னு பார்ப்போம்.

இப்ப உங்களுக்கு. அரையாண்டு தொடங்கி 30 நாளைக்குள்ள, அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சம் 5,000 ரூபாய். 1,500-க்கு 75 ரூபாய் மிச்சம். இழுத்தடிச்சா மாசம் 1 சதவீதம் சேரும். வரிசையில நிக்க வேண்டாம், tnurbanepay.tn.gov.in-ல வரிவிதிப்பு எண்ணைப் போட்டா பாக்கி வரும், கட்டலாம். நாங்க அரசு ஊழியர்கள், தொழில் வரியைச் சம்பளத்துலயே பிடிச்சிடுறாங்க, அதுவும் இதே உள்ளாட்சிக்குத்தான் போகுது. எனக்குத் தாமதம் பண்ற வசதியே இல்லை.

அந்த ரசீதைப் ப்ரிண்ட் எடுத்துப் பத்திரமா வையுங்க. அடுத்த பகுதி சபா கூட்டத்துக்குக் கையில கொண்டுபோங்க. கவுன்சிலர் ரோடு பத்திப் பேச ஆரம்பிப்பார். பேசட்டும். முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: போன அக்டோபர், நவம்பர், டிசம்பர்ல நம்ம பகுதிக்குப் புழு பார்க்க வந்தவங்களுக்கு எந்தெந்தத் தேதியில கூலி கொடுத்தீங்க?