கரும்புக்குப் பதிலா மூங்கில் வேணாமே

தை பிறந்தா ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் கடைகளின் பேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வாழ்த்தால் நிறைஞ்சிடும். துணிக்கடை, பலசரக்குக் கடை, நகைக்கடை, பேக்கரி என்று எல்லாமே குடும்பங்கள் நடத்துற கடைகள். வாழ்த்தை எழுதுறது பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். எங்க நண்பர்களில் பாதிப்பேர் அப்பா கடைக்கு இந்த வேலையைச் செய்றவங்க. அதனால இதைப் பற்றி எங்களுக்கு ஒரு கருத்து இருக்கு: ஒரு வாழ்த்துக்கு ஒரு இமோஜி போதும். ஆனா அது அந்தப் பண்டிகைக்கு உரியதா இருக்கணும்.

முதலில் கரும்பு. பொங்கல் வாழ்த்துகளில் அடிக்கடி 🎋 வருது. பச்சைத் தண்டும் நீட்டு இலையும் சின்னத் திரையில் கரும்பு மாதிரியே தெரியும். பெரிசாக்கிப் பார்த்தா அதில் கலர் காகிதங்கள் தொங்கும். அது ஜப்பானியரின் தனபத்தா விழாவுக்கான மூங்கில். யூலை 7ஆம் திகதி தங்கள் ஆசைகளைக் காகிதத் துண்டில் எழுதி மூங்கில் கிளையில் கட்டுவாங்க. 🎍 என்பதும் ஜப்பானியப் புத்தாண்டுக்கு வாசலில் வைக்கிற அலங்காரம். இமோஜிகள் 1990களில் ஜப்பானியத் தொலைபேசி நிறுவனங்களில் தொடங்கியவை, அதனால்தான் அவங்க விழாக்கள் பட்டியலில் இத்தனை இருக்கு. கரும்புக்கு இமோஜி கிடையாது. மஞ்சள் கொத்து கட்டிப் பொங்குற பானைக்கும் கிடையாது.

அப்போ பொங்கலுக்கு எதைப் போடுறது? 🌾 நெற்கதிர், ☀️ சூரியன், 🐄 பசு மூன்றும் பொருந்தும். பசுவை மாட்டுப் பொங்கலுக்கு வச்சுக்கலாம். நெற்கதிர் சரிதான். ஆனா தோட்டத்தில் நாங்க நெல் விதைக்கிறதில்லை. பொங்கல் அரிசியும் சர்க்கரையும் பயறும் டவுன் கடையில் வாங்கித்தான் வருது. சூரியன் அப்படியில்ல. தை மாசத்து நுவரெலியா விடியலில் புல்லு மேல வெள்ளையா உறைபனி கிடக்கும், தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். அந்தக் குளிரில் வாசலில் பானை வச்சுட்டு வெயில் வரக் காத்திருக்கிறவங்களுக்கு ☀️ போதும்.

இப்போ ஒரு மாதிரி வாழ்த்தை எடுத்துப் பார்ப்போம். ஹட்டன் டவுனில் ஒரு பலசரக்குக் கடை என்று வச்சுக்குங்க. இந்த மாதிரிதான் வழக்கமா வரும்:

> 🎉🎊🎋🌾☀️ இனிய 🙏 தைப்பொங்கல் 🍚 வாழ்த்துகள் 🎆🎇💐 விசேட சலுகைகளுக்கு இன்றே வாருங்கள் 🛒💯🔥

பதின்மூன்று இமோஜி. ஒவ்வொன்றா எடுத்துப் பார்த்தா எது தேவை, எது வேண்டாம் என்று தானா விளங்கும். 🎉🎊 பிறந்தநாளுக்கு. 🎋 பற்றிச் சொல்லிட்டோம். 🎆🎇 தீபாவளிக்கு எடுத்து வச்சது. 🍚 ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு, அது பொங்கல் இல்ல. 💐 கலியாணத்துக்குப் போகட்டும். 🙏 தப்பில்ல. ஆனா 'வாழ்த்துகள்' என்ற சொல்லே கைகூப்புறதுதானே. 🔥 மட்டும் எங்களுக்கு உறுத்துது. 'செம' என்ற அர்த்தத்தில்தான் பிள்ளைகள் போடுறாங்க, தெரியும். ஆனா லயத்தில் ஒரு காம்பராவில் பிடிச்ச தீ பக்கத்துக் காம்பராக்களுக்கும் பரவி, உடுத்த துணியோட நிற்கிற குடும்பங்களின் செய்தி வந்துகொண்டே இருக்கிற ஊர் இது. அந்த லயத்து ஆட்கள்தான் கடையின் வாடிக்கையாளர்கள். அவங்க போனுக்குப் போற வாழ்த்தில் தீ எதுக்கு?

🛒💯 இரண்டும் சலுகைக்கு வந்தவை. அங்கேதான் உண்மையான நெரிசல் இருக்கு. ஒரே பதிவில் வாழ்த்தும் விளம்பரமும் சேர்ந்தா இரண்டுக்கும் தனித்தனியாப் படம் தேவைப்படும். பிரிச்சிடுங்க. விலைப் பட்டியல் பொங்கலுக்கு மூன்று நாலு நாளுக்கு முந்தியே போகட்டும், சாமான் வாங்கப் போறது அப்போதானே. பொங்கலன்று வாழ்த்து மட்டும்:

> இனிய தைப்பொங்கல் வாழ்த்துகள் ☀️
> எல்லா வீட்டுப் பானையும் நிறைஞ்சு பொங்கட்டும்.
> இன்று கடை மூடியிருக்கும். நாளை காலை 8 மணிக்குத் திறப்போம்.
> கடைக் குடும்பத்தார், ஹட்டன்

இமோஜி முதல் வரியின் கடைசியில் நிற்குது. சொல்லுக்கு நடுவில் வந்தா கண் தடுக்கும், வாசிக்கிறவர் ஒவ்வொரு சொல்லாத் தேட வேண்டியிருக்கும். கடை திறக்கிற நேரம் அவசியம். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து மூடின கதவைப் பார்க்கிற ஒருத்தருக்கு, பத்து இமோஜியைவிட அந்த ஒரு வரிதான் மரியாதை.

தீபாவளிக்கு 🪔 இருக்கே, அது போதாதா? போதும். ஆனா அது 2019இல்தான் சேர்க்கப்பட்டது. அதுக்கு முந்தின போன்களில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டி தெரியலாம். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தன்னோட இமோஜிப் படங்களைத் தானே கொண்டு வரும், அதனால அங்கே புதுப்பிச்ச வாட்ஸ்அப்பில் பெரும்பாலும் பிரச்சினை இல்ல. எஸ்எம்எஸ்ஸில் அப்படியில்ல, போனில் இருக்கிறதுதான் தெரியும். அனுப்ப முந்தி வீட்டில் இருக்கிற ஆகப் பழைய போனுக்கு ஒருதரம் அனுப்பிப் பாருங்க.

எஸ்எம்எஸ்ஸில் இன்னொரு கணக்கும் இருக்கு. தமிழில் ஒரு செய்திக்கு 70 இடம்தான். குறில் நெடில் குறிகளும் புள்ளியும்கூட ஒவ்வொரு இடம் பிடிக்கும். 'இனிய தீபாவளி வாழ்த்துகள்' என்பதுக்கு 24 இடம் போகும். ஒரு 🪔 இரண்டு இடம். பத்து இமோஜி போட்டா 20 இடம், கிட்டத்தட்ட இன்னொரு வாழ்த்து எழுதுற இடம். கடைப் பெயரும் நேரமும் சேர்ந்தா 70ஐத் தாண்டி, ஒரு செய்தி இரண்டாகி, காசும் இரண்டாகும். ஐந்நூறு பேருக்கு அனுப்புற கடைக்கு அது சின்னக் காசு இல்ல.

கடைசியா, தேயிலை. 'மலையகம்' என்று காட்ட 🍃 போடுறாங்க, சிலர் 🍵 போடுறாங்க. 🍵 கைப்பிடி இல்லாத ஜப்பானியக் கிண்ணம், உள்ளே பச்சைத் தேநீர். எங்க பிளேன்டீயோட அதுக்குச் சம்பந்தமில்ல. 🍃 விஷயத்தில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்துச்சு. 'அது எங்க அடையாளம்தானே' என்றாங்க சிலர். தோட்டத்து 200 வருஷத்தை நினைவுகூர்ற பதிவில் அது இருக்கட்டும், மறுப்பில்ல. ஆனா பண்டிகை என்பது அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வச்சிட்டு வீட்டில் இருக்கிற நாள். அன்றைக்கும் அவங்க போனில் கொழுந்தைக் காட்டணுமா? அந்த ஒரு நாள் மலை பக்கம் போகாம இருக்கட்டுமே என்பதுதான் எங்கள்ல பெரும்பாலானவங்க கருத்து.

'ஒரு இமோஜி மட்டும் போட்டா வெறுமையா இருக்காதா?' என்று கேட்பீங்க. நிறம் வேணும்னா படம் போடுங்க. கடை வாசலில் போட்ட கோலத்தை, உங்க வீட்டுப் பானை பொங்குற அந்த நேரத்தை, போனில் ஒரு படம் எடுங்க. இமோஜிப் பட்டியலில் இல்லாத பானையும் கரும்பும் அதில் தானா வந்திடும். வாடிக்கையாளருக்கும் அது எந்த வாசல் என்று பார்த்ததுமே தெரியும்.