ஸ்டைபெண்ட் 12,000-ஆ, 5,000-ஆ? ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கேளுங்க!

பி.ஆர்க் படிப்பவர்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பே இருக்காது. கல்லூரிக்குப் பதில் ஏதாவது ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்குப் போய் வேலை பழக வேண்டும். ஏறக்குறைய 16 வாரங்கள். பழக்குபவர் 1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது விதி. CA என்று தொடங்கி, ஆண்டும் எண்ணும் சேர்ந்த பதிவு எண் அவருக்கு இருக்கும். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதைச் சரிபார்க்காமல் சேர்ந்துவிட்டு, பயிற்சி முடிந்த பிறகு சான்றிதழ் செல்லாது என்று கல்லூரி சொன்னால் அந்த 16 வாரங்களும் வீண்.

இதுவரைக்கும் எளிது. இரண்டு இடங்களிலிருந்து 'வாங்க' என்று பதில் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மதுரையில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். சென்னையில் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு ஸ்டூடியோ மாதம் 12,000 ரூபாய் ஸ்டைபெண்ட் தருவதாகச் சொல்கிறது. இன்ஸ்டாகிராமில் அதன் வீடுகள் எல்லாம் கண்ணைப் பறிக்கின்றன. மதுரையிலேயே நான்கு பேர் மட்டும் இருக்கும் ஒரு சின்ன அலுவலகம் 5,000 தருகிறேன் என்கிறது. வீட்டில் கேட்டால் என்ன சொல்வார்கள்? "பெரிய ஆபீஸ், நல்ல பேர், சம்பளமும் ஜாஸ்தி. சென்னைக்கே போ." பத்தில் ஒன்பது வீடுகளில் இதுதான் பதில்.

கையில் நிற்பது எவ்வளவு?

முதலில் பணக் கணக்கு. சென்னையில் சாப்பாட்டோடு லேடீஸ் ஹாஸ்டலுக்கு 8,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ, ஷேர் ஆட்டோவுக்கு 1,500. மாதம் 2,000 ரூபாய் மிஞ்சும். மதுரையில் வீட்டுச் சாப்பாடு, டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 5,000-மும் அப்படியே நிற்கும். நான்கு மாதத்துக்குப் பார்த்தால் அங்கே 8,000, இங்கே 20,000. சைட்டுக்குப் போகிற செலவை அலுவலகம் தராவிட்டால் சென்னைக் கணக்கு இன்னும் சுருங்கும். லேப்டாப் யாருடையது என்பதும் இதே கணக்கில் வரும். சொந்த லேப்டாப் கொண்டுவரச் சொல்லும் அலுவலகங்கள் நிறைய. த்ரீடி வேலைக்குத் தாங்கும் மெஷின் இல்லையென்றால், ஸ்டைபெண்ட் மொத்தமும் அதற்கே போய்விடும்.

ஆக, 'எவ்வளவு தருவீங்க?' என்பது பாதிக் கேள்விதான். எந்தத் தேதியில் வரும், முதல் மாதமும் உண்டா, சைட் போக்குவரத்து யார் பொறுப்பு என்பது மீதிப் பாதி. இதை மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்கிக்கொள்வது நல்லது. 'அதெல்லாம் பார்த்துக்கலாம்மா' என்று போனில் சொல்வதைக் கடைசி மாதத்தில் யாரிடமும் காட்ட முடியாது.

'சைட் உண்டு' என்றால் என்ன அர்த்தம்?

பணத்தில் மதுரை முந்துகிறது என்பதற்காக உடனே முடிவு செய்துவிடவும் கூடாது. சைட்டில் நல்ல அனுபவம் கிடைக்கும் என்றால் 12,000 ரூபாய் கையைக் கடந்து போனாலும் சென்னைக்குப் போகலாம். ஆனால், எல்லா அலுவலகமும் 'சைட் எக்ஸ்போஷர் உண்டு' என்றுதான் சொல்லும். மேஸ்திரியிடம் பிரின்ட் அவுட் கொடுத்துவிட்டு, நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத் திரும்பினாலும் அதுவும் சைட் விசிட்தான்.

சைட்டில் நிற்பது எதைக் கற்றுத்தரும் என்பதற்கு ஒரு சமையலறை போதும். வரைபடத்தில் சுவருக்குச் சுவர் 10 அடி, அதாவது 3,048 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவர் அதே அளவுக்கு கிச்சன் கேபினெட் வரைந்துவிடுவார். ஆனால், அந்த 10 அடி செங்கலுக்குச் செங்கல் உள்ள அளவு. இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் பூச்சு வந்தால் 24 போய்விடும். அதன்மேல் டைல்ஸும் ஒட்டும் பசையும் சேர்ந்தால் இன்னும் 25, 30 குறையும். மொத்தத்தில் இரண்டு அங்குலம் காணாமல் போயிருக்கும். கேபினெட் உள்ளே நுழையாது. ஆசாரி ரம்பத்தை எடுத்துவிடுவார். ஃபேக்டரியில் ஓரப்பட்டை ஒட்டி வந்த பலகையை சைட்டில் அறுத்தால், அறுத்த ஓரம் மூடாமல் நிற்கும். சிங்க் பக்கத்தில் அது தண்ணீர் குடித்து ஊதிக்கொள்ள அதிக நாள் ஆகாது.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு டேப்போடு போய்த் தரையருகில், நடுவில், மேலே என மூன்று இடங்களில் அளக்கிறார்கள். மூன்றில் எது குறைவோ அதுதான் கேபினெட்டின் அளவு. சுவர் எங்கேயும் முழு நேராக இருப்பதில்லை. இதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும். ஒருமுறை டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர்கள் மறப்பதில்லை.

எனவே 'சைட் உண்டா?' என்று கேட்காதீர்கள். 'நான் இருக்கும் நான்கு மாதத்தில் எந்த சைட் எந்தக் கட்டத்தில் இருக்கும்?' என்று கேளுங்கள். ஒரு வீடு எழும்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்போது, 16 வாரத்தில் அதன் ஒரு துண்டைத்தான் பார்க்க முடியும். அஸ்திவாரக் கட்டம் என்றால் சென்டர் லைன் மார்க்கிங் பார்க்கலாம். தளம் போடும் கட்டம் என்றால், கான்கிரீட்டுக்கு முன் எலெக்ட்ரிக்கல் டிராயிங்கோடு மேலே ஏறி ஃபேன் பாக்ஸ்கள் எண்ணிக்கை சரியா என்று பார்க்கும் வேலை கிடைக்கலாம். அதில் ஒன்று விடுபட்டால், கான்கிரீட் இறுகிய பிறகு உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயிற்சி என்றால் வடகிழக்குப் பருவமழையில் வெளிவேலை அடிக்கடி நிற்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் உள்வேலை நடக்கும் சைட்தான் லாபம்.

அலுவலகம் சொல்வதைச் சரிபார்க்க ஒரே வழி, அங்கே ஏற்கெனவே பயிற்சி முடித்த சீனியர்தான். "அக்கா, அங்க எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சுப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "அக்கா, கடைசி மாசத்துல எத்தனை நாள் சைட்டுக்குப் போனீங்க? யாரோட போனீங்க? திரும்பி வரும்போது என்ன எழுதிட்டு வந்தீங்க?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். சைட்டில் கழிப்பறை இருந்ததா, ஹெல்மெட் கொடுத்தார்களா, சாயங்காலம் திரும்ப யார் துணை என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். பெற்றோர் கவலைப்படுவது ஸ்டைபெண்டைவிட இதற்காகத்தான், அதில் தப்பும் இல்லை.

நம் மாணவி கேட்டபோது சென்னையில் கிடைத்த பதில், "தேவைப்பட்டா சைட்டுக்கு அனுப்புவோம்." மதுரையில், "ஒரு வீடு பூச்சு வேலைல இருக்கு, ஒரு ஃபிளாட் இன்டீரியர் ஆரம்பிக்கப் போறோம். வாரம் ரெண்டு நாள் எங்ககூட வரணும்."

ரெவிட்டா, ஆட்டோகேடா?

சென்னை ஸ்டூடியோவுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. அங்கே ரெவிட்டில் வேலை நடக்கிறது. மதுரையில் ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும்தான். பெரிய நிறுவனங்களுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போக நினைப்பவர்களுக்கு ரெவிட் கை கொடுக்கும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்குக் கல்வி உரிமத்தை இலவசமாகவே தருகிறது. வீட்டில் உட்கார்ந்தே ரெவிட் பழகலாம். சமையலறைச் சுவரை வீட்டில் உட்கார்ந்து அளக்க முடியாது. அந்தக் கல்வி உரிமத்தை அலுவலகத்தின் வருமான வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'உன் லேப்டாப்ல இருக்கிறதுலயே வரைஞ்சுடு' என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மென்பொருளின் பெயரைவிட, அதை வைத்து உங்களை என்ன செய்யச் சொல்வார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. லுமியன், என்ஸ்கேப் நன்றாக வருகிறது என்று போர்ட்ஃபோலியோவில் முதல் பக்கத்திலேயே காட்டினால், நான்கு மாதமும் சூரிய வெளிச்சத்தையும் சோஃபா நிறத்தையும் மாற்றிக்கொண்டே உட்காரவைத்துவிடும் அலுவலகங்கள் உண்டு. நேர்காணலில், முடிந்துபோன ஒரு வேலையின் வொர்க்கிங் டிராயிங் தொகுப்பைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். மூலையில் திருத்த எண், தேதி, வரைந்தவர் பெயர், சரிபார்த்தவர் பெயர் எல்லாம் இருந்தால் அங்கே யாரோ ஒருவர் உங்கள் வரைபடத்தையும் உட்கார்ந்து திருத்துவார் என்று நம்பலாம். அந்தச் சிவப்பு மைத் திருத்தங்கள்தான் உண்மையான பாடம்.

இன்டீரியர் டிசைன் படித்தவர்களுக்கு...

இன்டீரியர் டிசைனர்களுக்கு ஆர்க்கிடெக்ட் போலச் சட்டப்படி பதிவு எண் கிடையாது. எண்ணைத் தேடிச் சரிபார்க்க வழியில்லை. அதனால் வேலை விளம்பரத்தை நிதானமாகப் படியுங்கள். 'டார்கெட்', 'இன்சென்டிவ்', 'கிளையன்ட் குளோசிங்' என்ற சொற்கள் இருந்தால், பதவியின் பெயர் டிசைனர் என்றாலும் வேலை விற்பனை. சம்பளம் கூடுதலாகக்கூட இருக்கலாம், விருப்பம் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். ஆனால், ஆறு மாதம் கழித்து கையில் கொட்டேஷன்தான் இருக்கும், வரைபடம் இருக்காது. மர வேலை எங்கே நடக்கிறது, சொந்த ஃபேக்டரியிலா, சைட்டில் ஆசாரிகளை வைத்தா, நானும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால் இது எந்த வகை இடம் என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

நம் மாணவியின் கணக்கு மதுரைப் பக்கம் சாய்கிறது. சென்னை ஸ்டூடியோ 'வாரம் ஒரு நாள் சைட்' என்று மெயிலில் உறுதி சொல்லியிருந்தால் கணக்கு மாறியிருக்கும். ரெவிட், சைட் இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கடன் வாங்கிக்கூடப் போகலாம்.

எங்கே சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரையும் டிராயிங்குகள் அலுவலகத்துக்குச் சொந்தம், வீடு வாடிக்கையாளருடையது. அவற்றைப் பயிற்சி அறிக்கையிலும் போர்ட்ஃபோலியோவிலும் காட்ட அனுமதி உண்டா, வாடிக்கையாளர் பெயரையும் முகவரியையும் மறைத்தால் போதுமா என்று அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் கேட்டால், பென் டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.