பிராதும் விண்ணப்பமும்

நேயர் ஒருவர், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தம் புதல்வன் பொருட்டுத் தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதத்தை அனுப்புமுன் நம்மிடம் காட்டினார். "கணக்கு உபாத்தியாயர் குழந்தைகளை வதைக்கிறார்" என்று அது ஆரம்பமாகிறது. தந்தையின் கோபம் நமக்கு விளங்காமலில்லை. ஆனால் அவர் நேரில் அறிந்தது என்ன? செவ்வாய் மாலை பையனுடைய முழங்கால்கள் கன்றிச் சிவந்திருந்தன, அவ்வளவே. வாய்ப்பாடு ஒப்பிக்கத் தவறியதால் பாடவேளை முழுதும் மண்டியிட வைத்தார் என்பது பையன் வாக்கு. கண்டதைக் 'கண்டேன்' என்றும், கேட்டதைப் 'பையன் கூறுகிறான்' என்றும் தேதியுடன் எழுதச் சொன்னோம்.

"உபாத்தியாயர் அடித்தாரா?" என்று வீட்டில் பத்துப் பேர் கேட்டால், குழந்தை கடைசியில் ஆம் என்றுதான் சொல்லும்! "என்ன நடந்தது?" என்று ஒரு முறை கேட்டு, அவன் சொற்களையே குறித்துக்கொள்வது உத்தமம்.

மண்டியிட வைத்தது மெய்யானால் அது அற்ப விஷயமன்று. உடல் தண்டனையையும் மன வதையையும் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆயினும் முதற் கடிதத்திலேயே தண்டனை கோருவானேன்? உபாத்தியாயரையும் விசாரித்து, ஒரு வாரத்துக்குள் பதில் தரும்படி வேண்டினால் போதும். பிராது கொடுத்ததற்காகப் பையனிடம் யாரும் கோபத்தைக் காட்டலாகாது என்பதை மட்டும் வற்புறுத்தியே எழுத வேண்டும். பெற்றோர் பலர் வாய் திறவாதிருப்பது அந்தப் பயத்தினால்தானே!

திருத்திய கடிதம் திங்களன்று போயிருக்கிறது.