கால்கள் கூறும் கணக்கு

கர்நாடகத்தின் ஒரு பணிமனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்துநராகப் பணிபுரியும் ஒருவர், கால் வீக்கத்தை முதலில் நோயாகவே கருதவில்லை. மாலையில் காலுறையைக் கழற்றினால் அதன் விளிம்பு கணுக்காலுக்கு மேல் பள்ளமாகப் பதிந்திருக்கும், காலையில் மறைந்துவிடும். இரவில் கெண்டைக்கால் பிடித்திழுக்கும். மனைவி எண்ணெய் தேய்த்துவிடுவார். விடுப்பெடுத்தால் ஒருநாள் ஊதியமும் ஊக்கத்தொகையும் போய்விடும் என்பதால் மருத்துவமனைக்குச் செல்வது தள்ளிப்போயிற்று. பின்னர் கணுக்காலின் உட்புறத் தோல் கருத்தது. சொறிந்த இடம் புண்ணாயிற்று. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. அதன் பிறகே அவர் அரசு மருத்துவமனைக்குப் போனார்.

வீக்கம் ஒரு காலிலா, இரு கால்களிலுமா, காலையில் வடிகிறதா, இரத்த அழுத்த மாத்திரை உண்கிறாரா என்று மருத்துவர் கேட்டார். சிறுநீரகம், இதயம் ஆகியவற்றின் கோளாறு அன்று என்பதைச் சோதனைகளால் உறுதிசெய்துகொண்டு, கால் சிரைகளை டாப்ளர் ஸ்கேன் மூலம் பார்த்தார். பிறகு, “நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள்?” என்று வினவினார். “உட்கார நேரம் எங்கே இருக்கிறது, டாக்டரம்மா?” என்பதே விடை.

நோய் அந்த விடையிலேயே இருந்தது. காலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி அதனை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் அது திரும்பி வழியாமல் தடுக்கின்றன. கூட்டத்தில் நெருக்குண்டு ஒரே இடத்தில் நிற்பவரின் தசை போதிய அளவு இயங்குவதில்லை. தேங்கிய இரத்தம் சிரையை விரிக்க, வால்வுகள் பொருந்தாமற்போகின்றன. இதுவே சிரைச்சுருள் நோய். பழுதான வால்வு தானாகச் சீராவதில்லை. அழுத்தக் காலுறை, காலை உயர்த்திவைத்து ஓய்வு, தேவையானால் லேசர் அல்லது அறுவைச் சிகிச்சை என்பவையே வழி. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். ஒருநாளும் காத்திராமல் மருத்துவமனை செல்ல வேண்டும்.

“நின்று வேலை செய்வது உடலுக்கு நல்லதுதானே?” என்று கேட்போர் உண்டு. 1953இல் ஜெரமி மோரிஸ் லண்டன் பேருந்துத் தொழிலாளரை ஆய்ந்து, அமர்ந்தே ஓட்டும் ஓட்டுநரைவிட நடத்துநருக்கு இதயநோய் குறைவு என்று காட்டியது உண்மை. ஆனால் அந்த நடத்துநர்கள் இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் நாள் முழுதும் ஏறி இறங்கியவர்கள். அவர்களைக் காத்தது இயக்கம், நிற்பது அன்று.

நம் நடத்துநருக்கு இருக்கை இல்லாமலில்லை. அடுத்த கட்டணக் கட்டம் வருமுன் எல்லோருக்கும் சீட்டுக் கொடுத்தாக வேண்டும். விடுபட்டால் பரிசோதகரின் அறிக்கை அவர் மீது பாயும். 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் கட்டணமின்றிப் பயணிக்கும் பெண்களுக்கும் பூச்சியக் கட்டணச் சீட்டு வழங்கியாக வேண்டும். உழைக்கும் பெண்களுக்குக் கிடைத்த அவ்வுரிமை காக்கப்பட வேண்டியதே. பெருகிய பயணிகளுக்கேற்பப் பேருந்தையும் ஆளையும் பெருக்காமல், அதன் சுமையை நடத்துநரின் கால்மீது ஏற்றுவதையே எதிர்க்கிறோம். பயணியையும் தொழிலாளியையும் மோதவிடுவது நிர்வாகத்துக்கு மட்டுமே பயன்தரும்.

ஐந்து மணி நேர உழைப்புக்கு மேல் போகுமுன் அரைமணி ஓய்வு தர வேண்டுமென்றது 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நடைமுறையில் நெரிசலால் பேருந்து தாமதமானால், அந்தத் தாமதம் ஓய்வு நேரத்திலிருந்தே கழிக்கப்படுகிறது; எஞ்சிய நிமிடங்கள் வசூல் கணக்கு எழுதக் கழிகின்றன. இச்சட்டத்தையும் 2020ஆம் ஆண்டுத் தொழில்பாதுகாப்புத் தொகுப்பு விழுங்கிவிட்டது. இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோய்களின் பட்டியலிலோ சிரைச்சுருள் நோய் இல்லை. ஆகவே இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு தந்த புண், அவருடைய ‘சொந்தப் பிரச்சினை’ ஆகிவிடுகிறது. நிற்பதைக் குறைக்கும்படி மருத்துவர் எழுதிய சீட்டைப் பணிமனையில் நீட்டியபோது கிடைத்த பதில், “விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்” என்பதே.

கடை ஊழியர் அமரும் உரிமையை 2018இல் கேரளமும் 2021இல் தமிழகமும் சட்டமாக்கின. அங்கு நாற்காலி தந்தால் பாதி தீர்வு. பேருந்திலோ நேரம் தர வேண்டும். உண்மையான ஓட்ட நேரத்தைக் கணக்கிட்டுப் பயண அட்டவணை வகுத்தல், கணக்கெழுதும் வேலை கலவாத அரைமணி ஓய்வு, காலிப் பணியிடங்களை நிரப்புதல், ஆண்டுதோறும் கால் பரிசோதனை, ஊதியக் குறைவின்றி மாற்றுப் பணி, நோயைப் பட்டியலில் சேர்த்தல் ஆகியவையே சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள். நடத்துநரிடம் ஒவ்வொரு சீட்டுக்கும் கணக்குக் கேட்கும் நிர்வாகத்திடம், அவர் நின்ற ஒவ்வொரு மணிக்கும் கணக்குக் கேட்பது சங்கத்தின் கடமை.